மில்லில் சேதாரம்: ஏ.எஸ். 2 சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

நகைக்கடையில் பில் போடும்போது சேதாரம் இத்தனை சதவீதம் என்று சொல்வார்கள். பேரம் பேசுவோம், முனகுவோம். ஆனால் சேதாரம் என்ற ஒன்று இருக்கிறது என்பதை யாரும் மறுப்பதில்லை. தங்கத்தை உருக்கினால், ராவினால், கொஞ்சம் போகத்தான் செய்யும். அது நகையின் விலையில் சேர்வது நியாயம். அதே பட்டறையில் ஒரு வளையல் கைதவறிச் சாக்கடையில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதம் வந்தவர்களுக்கெல்லாம் சேதாரத்தைக் கூட்டிப் போட்டால் ஒத்துக்கொள்வோமா? அது பட்டறைக்காரர் நஷ்டம், நம் நகையின் விலை இல்லை.

சரக்கிருப்புக் கணக்கில் உள்ள ஒரு விதி இதைத்தான் சொல்கிறது. நம் நாட்டுக் கணக்குத் தரநிலை ஏ.எஸ். 2, அதன் 13ஆவது பத்தி. பெரிய கம்பெனிகளுக்கான இந்த் ஏ.எஸ். 2-லும், உலக அளவிலான ஐ.ஏ.எஸ். 2-லும் (கலெக்டர் இல்லை, கணக்குத் தரநிலை) 16ஆவது பத்தியில் இதே விஷயம் கிட்டத்தட்ட இதே சொற்களில் வருகிறது. வழக்கத்துக்கு மாறான அளவில் வீணான பொருள், கூலி, மற்ற உற்பத்திச் செலவு ஆகியவற்றைச் சரக்கின் அடக்க விலையில் சேர்க்கக் கூடாது. சேமித்து வைக்கும் செலவையும் சேர்க்கக் கூடாது, அடுத்த உற்பத்திக் கட்டத்துக்கு முன்னால் அப்படி வைத்திருப்பது உற்பத்திக்கே தேவையாக இருந்தால் தவிர. இவை எந்த வருடம் நடந்தனவோ அந்த வருடத்தின் செலவாகவே எழுதப்பட வேண்டும். வருமான வரிக்கான ஐ.சி.டி.எஸ். 2-ம் இதையே சொல்கிறது.

படிக்கும்போது இதில் சண்டை போட ஒன்றுமே இல்லை என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, நானே எழுதிய ஒரு ப்ரோகிராம் இந்த விதியை மாதாமாதம் மீறிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்கும் வரை.

பல வருடங்களுக்கு முன் வேடசந்தூர் பக்கம் ஒரு சின்ன நூல் மில்லுக்கு ஸ்டாக் கணக்கு எழுதும் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தேன். நான் கணக்கு படித்தவன் இல்லை, பி.இ. அந்த மில் முதலாளி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, மாசக் கடைசியில ஒரு கிலோ நூல் எனக்கு என்ன அடக்கம்னு ஒரே வரியில வரணும்." வந்தது. மொத்தச் செலவை எடுத்து, கோன் ஆகி வெளியே வந்த நல்ல நூலின் எடையால் வகுத்தேன். இதில் என்ன தப்பு இருக்க முடியும்?

தப்பு எங்கே என்று புரிய, மில்லுக்குள் பஞ்சு எப்படிக் குறைகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பேலைப் பிரித்து ப்ளோ ரூமில் போட்டதும் விதைத் துணுக்கு, தூசி, குட்டை இழை விழும். கார்டிங்கில் இன்னும் கொஞ்சம். கோம்டு நூலாக இருந்தால் கோம்பரில் நாயில் என்று பெரிய பங்கே கழியும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கழிவு, மூட்டை கட்டி விற்கலாம். ஓப்பன் எண்ட் மில்கள் வாங்கிக்கொள்கின்றன. இதுபோக ஈரம் காய்ந்தும் பஞ்சுத் துகளாகப் பறந்தும் போகிற கண்ணுக்குத் தெரியாத இழப்பு. இதில் எதுவுமே யார் தவறும் இல்லை. பஞ்சு நூலாவதற்குக் கொடுக்கிற விலை இது, நம் சேதாரம்.

வேறு வகை ஒன்று இருக்கிறது. அந்த மில்லில் நடந்தது கவுண்ட் மிக்ஸ். 30ஆம் நம்பர் நூலுக்கான ரோவிங் பாபின்கள் சில, 40ஆம் நம்பர் ஓடிக்கொண்டிருந்த ஃபிரேமில் ஏறிவிட்டன. அந்த ஸ்பிண்டில்களில் நூல் தடிமனாக வந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. 120 கஜ நூலைச் சுற்றி எடுத்து நிறுத்துப் பார்த்தால் தெரியும்: 40ஆம் நம்பர் என்றால் சுமார் 1.62 கிராம் இருக்க வேண்டும், 30 என்றால் 2.16. ஆனால் எல்லா ஸ்பிண்டிலையும் தினமும் நிறுத்துப் பார்க்க முடியாது, சாம்பிள்தான் எடுப்பார்கள். இந்த நூல் தப்பித் திருப்பூர் போய்த் துணியாகியிருந்தால் பட்டை பட்டையாகத் தெரிந்து லாட் முழுக்கத் திரும்பியிருக்கும். நல்லவேளையாக கோன் ஆன பிறகு மில்லுக்குள்ளேயே பிடித்தார்கள். பிடித்த கோன்களை எல்லாம் கழிவு நூலாகக் கழித்தார்கள்.

இப்போது கணக்கு. எண்கள் புரிவதற்காக நான் உருட்டி வைத்தவை, மில்லின் எண்கள் அல்ல.

மார்ச் மாதம் 10,000 கிலோ பஞ்சு உள்ளே போகிறது, கிலோ 160 ரூபாய், மொத்தம் 16,00,000. கூலி, மின்சாரம் முதலான மாற்றுச் செலவு 4,38,000. இந்த மில்லின் வழக்கப்படி நூறு கிலோ பஞ்சுக்கு 86 கிலோ நூல், 12 கிலோ விற்கக்கூடிய கழிவு, 2 கிலோ காற்றோடு போவது. ஆக 8,600 கிலோ நூல் வர வேண்டும். 1,200 கிலோ கழிவு கிலோ 50 ரூபாய்க்குப் போனால் 60,000 திரும்பி வரும், அதைச் செலவில் கழித்துவிடலாம். மீதி 19,78,000. இதை 8,600-ஆல் வகுத்தால் ஒரு கிலோ 230 ரூபாய்.

கவுண்ட் மிக்ஸால் 300 கிலோ கோன் கழிந்துபோய், கைக்கு வந்தது 8,300 கிலோதான். அந்த 300 கிலோவும் கழிவு நூலாக 50 ரூபாய்க்குப் போனது, 15,000 வந்தது. விதிப்படி எழுதினால் ஒரு கிலோ நூல் அப்போதும் 230 ரூபாய்தான். காணாமல் போன 300 கிலோவின் அடக்கம் 69,000, அதில் வந்த 15,000 போக 54,000 ரூபாய் நஷ்டம். அது தனி வரியாக, மார்ச் மாதச் செலவாக, எல்லாரும் பார்க்கும்படி நிற்க வேண்டும்.

என் ப்ரோகிராம் என்ன செய்தது? வந்த எல்லாக் கழிவுப் பணத்தையும் கழித்துவிட்டு, மீதி 19,63,000-ஐ 8,300-ஆல் வகுத்தது. கிலோ 236.51. அவ்வளவுதான், 54,000 எங்கும் இல்லை. மார்ச் 31 அன்று 3,300 கிலோ விற்று 5,000 கிலோ இருப்பில் இருந்தால், நஷ்டத்தில் 21,470 ரூபாய் விற்ற சரக்கின் அடக்கத்தில் சத்தமில்லாமல் கலந்துவிடும். மிச்சம் 32,530 ரூபாய் ஆஸ்தி என்ற பெயரில் இருப்புப் பட்டியலில் ஏறி அடுத்த வருடத்துக்குப் போய்விடும். எரிந்துபோன பணம் குடோனில் சரக்காக இருக்கிறது என்று கணக்கு சொல்லும். அந்த இருப்புப் பட்டியலை வைத்துத்தான் பேங்க்காரர் எவ்வளவு கடன் எடுக்கலாம் என்று முடிவு செய்வார்.

என் பழைய வரியும் பிறகு மாற்றியதும் இவை:

```
# பழையது
unit_cost = (total_cost - all_scrap_value) / good_qty

# புதியது
unit_cost = (total_cost - normal_scrap_value) / expected_qty
abnormal_loss = (expected_qty - good_qty) * unit_cost - abnormal_scrap_value
```

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் `expected_qty` என்ற ஒரே எண். அது ப்ரோகிராமுக்குள்ளிருந்து வர முடியாது, மாதம் தொடங்கும் முன் ஒரு மனிதர் சொல்லிக் கொடுக்க வேண்டும். சராசரி அடக்கம் போடும் எந்த சாஃப்ட்வேரும், அந்த எண்ணைக் கேட்காதவரை, என் பழைய வரியைத்தான் வேறு அழகான திரையில் ஓட்டிக்கொண்டிருக்கும். (இந்த மாற்றிய வரியிலும் ஒரு குறை உண்டு. கோன் ஆன பிறகு கழிந்ததால்தான் முழு 230-ஐப் போட்டேன். ரோவிங் கட்டத்திலேயே கழிந்திருந்தால் அதுவரை ஆன செலவைத்தான் போட வேண்டும், அதற்குக் கட்டத்துக்குக் கட்டம் எடை எழுத வேண்டும்.)

மில்லில் இதனால் நடந்ததுதான் என்னை உறுத்தியது. அடக்கம் ஆறு ரூபாய் ஏறியிருப்பதைப் பார்த்த முதலாளி, பஞ்சில்தான் கோளாறு என்று நினைத்தார். அவர் பார்த்த ஒரே வரியில் வேறு என்ன தெரியும்? பல வருடமாகப் பஞ்சு வாங்கிக்கொடுத்த ஏஜெண்டை மாற்றினார். பாபினுக்கு நம்பர் வாரியாக நிறம் பிரித்து வைக்கிற வேலை நாலு மாதம் கழித்து, இரண்டாவது முறை மிக்ஸ் ஆன பிறகுதான் நடந்தது.

ஆடிட்டர் பிடித்திருக்க மாட்டாரா என்று கேட்பீர்கள். இருப்புக்கு இன்னொரு காவல் உண்டு: அடக்க விலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். நூல் விலை கிலோ 230-க்கும் கீழே போயிருந்தால் என் 236.51 தானாகவே வெட்டுப்பட்டிருக்கும். ஆனால் நூல் 260-க்கு விற்கிற காலத்தில் 230 போட்டாலும் 236 போட்டாலும் அந்தக் காவல் எழுந்திருக்காது. அதாவது விரயம் ஒளிந்துகொள்ளச் சரியான இடம் விலை ஏறுகிற வருடம்தான். 2021 கடைசியிலிருந்து 2022 மே வரை பஞ்சு விலை ஏறி, கண்டி (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய நாட்களை இந்தப் பக்கத்து மில்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஏறுகிற நாளில் அடக்கத்தில் ஆறு ரூபாய் கூடியதை யார் விசாரிப்பார்கள்? எல்லாமே பஞ்சு விலை என்றாகிவிடும். விலை இறங்கும்போது எல்லாம் சேர்ந்து ஒரே அடியாக வெளியே வரும், அதையும் சந்தை விழுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

இதுவரை என் தப்பு. இனி தரநிலை மேல் எனக்குள்ள குறை.

வழக்கத்துக்கு மாறான அளவை விலக்கு என்று சொல்லும் 13ஆவது பத்தி, வழக்கம் என்றால் என்ன என்று எங்கேயும் சொல்வதில்லை. அதே ஏ.எஸ். 2, நிலையான உற்பத்திச் செலவைப் பகிரும் இடத்தில் மட்டும் வழக்கமான உற்பத்தித் திறன் என்பதற்குத் தெளிவாக விளக்கம் கொடுக்கிறது: சாதாரணச் சூழ்நிலையில், பல பருவங்களின் சராசரியாக எதிர்பார்க்கக்கூடிய உற்பத்தி, திட்டமிட்ட பராமரிப்பால் வரும் குறைவையும் கணக்கில் எடுத்து. நல்ல விளக்கம். மெஷின் எவ்வளவு ஓடும் என்பதற்கு அளவுகோல் கொடுத்தவர்கள், பஞ்சு எவ்வளவு போகும் என்பதற்கு ஏன் கொடுக்கவில்லை?

பாடப்புத்தகங்கள் இந்த ஓட்டையை மூடாமல் மேலே பாய் விரித்து மறைக்கின்றன. எந்தக் கணக்கை எடுத்தாலும் முதல் வரியிலேயே 'வழக்கமான இழப்பு 5 சதவீதம்' என்று வந்துவிடும். மாணவர் வகுத்துப் பெருக்கி விடையைக் கொண்டுவந்துவிடுவார். அந்த 5 எங்கிருந்து வந்தது, யார் சொன்னது, எப்போது சொன்னது? கஷ்டமான வேலை அந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது, அதை வினாத்தாளே செய்து கொடுத்துவிடுகிறது. நிஜத்தில் மார்ச் கடைசியில் உட்கார்ந்து, போன கழிவையெல்லாம் கூட்டி, "இந்த வருஷம் நமக்கு 17 சதவீதம் சார்" என்று சொன்னால் வழக்கத்துக்கு மாறானது எதுவுமே இல்லாமல் போய்விடும். நடந்ததையே வழக்கம் என்று பேர் மாற்றிவிட்டால் இந்த விதிக்குப் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

அமெரிக்காவில் இதே இடத்தில் வேறு மாதிரி இடறியிருக்கிறார்கள். அங்கே பழைய விதியில், விரயம் அந்த வருடச் செலவாக எழுதும் அளவுக்கு அவ்வளவு அசாதாரணமாக இருக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு சொல்லாட்சி இருந்தது. 'அவ்வளவு' என்றால் எவ்வளவு? 2004-ல் வெளியிட்ட 151ஆம் எண் தரநிலையில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக இருந்தாலே போதும், செலவில் எழுது என்று ஆக்கினார்கள். ஒரு முடிச்சு அவிழ்ந்தது. வழக்கம் எது என்ற முடிச்சு அப்படியே இருக்கிறது.

எனக்கே சங்கடமான ஒரு உதாரணம் இருக்கிறது. 2012-ல் நம் ஊர்ப் பக்கம் கரண்ட் எப்படி இருந்தது என்பது நினைவிருக்கும். வீடுகளில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் போன நாட்கள் உண்டு, மில்கள் போன்ற உயர் அழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத மின்வெட்டு. ரிங் ஃபிரேம் சட்டென்று நின்று மறுபடி ஓடும்போது இழைகள் அறும். அறுந்த இடத்தில் வருகிற பஞ்சை நியூமாஃபில் குழாய் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதில் பெரும்பகுதியை மறுபடி ப்ளோ ரூமில் கலக்கலாம்தான், ஆனால் அதுவரை செய்த வேலையின் கூலியும் மின்சாரமும் போனது போனதுதான். இந்த விரயம் வழக்கமா, இல்லையா? தினமும் நடக்கிறது, எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். எதிர்பார்த்தது என்பதுதான் வழக்கம் என்றால் இதை நூலின் அடக்கத்தில் ஏற்ற வேண்டும்.

நான் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். இப்போது இல்லை. ஒரே பஞ்சு, ஒரே 40ஆம் நம்பர், ஒரே மெஷின். மின்வெட்டு மாதத்தில் ஓடியது என்பதற்காக அந்த கோனுக்கு மதிப்பு கூடிவிடுமா? கழிவு எதிர்பார்க்கப்பட்டதா என்று மட்டும் கேட்டால் போதாது, பஞ்சு நூலாகிற வேலையின் இயல்பிலிருந்து வந்ததா என்றும் கேட்க வேண்டும். கார்டிங் கழிவு அந்த வேலையிலிருந்து வருகிறது. கரண்ட் போனதால் வருவது வெளியிலிருந்து வருகிறது. இதற்கு மறுப்பும் உண்டு. நண்பர் ஒருவர், ஆடிட்டர், சொன்னார்: "வருஷக் கணக்கா ஒரு நாள்கூட கரண்ட் முழுசா வரலைன்னா, அதுதாம்பா அந்த மில்லோட சாதாரணச் சூழ்நிலை." உற்பத்தித் திறனுக்குக் கொடுத்த விளக்கத்தையே விரயத்துக்கும் பொருத்தினால் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் வருகிறது, பல பருவங்களின் சராசரி என்றால் கெட்ட பருவமும் உள்ளே வரும்தானே. ஆனால் அந்த விளக்கத்திலும் சராசரி என்பது முன்கூட்டி எதிர்பார்ப்பது, நடந்து முடிந்த மாதத்தை அப்படியே எடுத்துப்போடுவது அல்ல. அதை மட்டுமாவது 13ஆவது பத்தியில் ஒரு வாக்கியமாக எழுதியிருந்தால் பாதிச் சண்டை முடிந்திருக்கும்.

சேமிப்புச் செலவுக்கு வருகிறேன். இங்கே விதி பரவாயில்லை, விதிவிலக்குதான் வழுக்குகிறது. விற்காத கோன் பெட்டிகள் வாடகைக் குடோனில் இரண்டு மாதம் கிடந்து 20,000 ரூபாய் வாடகை ஆனால், அது நூலின் அடக்கம் இல்லை. நூல் அன்றைக்கே நூலாகிவிட்டது, கிடந்ததால் அது ஒரு இழைகூடக் கூடவில்லை. அதே வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் விளைகிற மெல்லும் புகையிலையை உலர்த்தி, அம்பாரமாக அடுக்கி, பிரித்து மாற்றி மாற்றி அடுக்கிப் பதப்படுத்துகிறார்கள். பார்வைக்கு அதுவும் குடோனில் கிடக்கிற சரக்குதான். ஆனால் அந்தக் கிடப்பு இல்லாமல் அது விற்கிற புகையிலை ஆகாது. அந்த இடத்தின் வாடகை அடக்கத்தில் சேரும். பாடப்புத்தகங்கள் இதற்கு வெளிநாட்டு ஒயினையும் சீஸையும் காட்டும். பக்கத்து ஊரிலேயே இருக்கிறதே.

வழுக்குகிற இடம் பஞ்சுக் குடோன். பஞ்சு சீசனில்தான் வரத்து அதிகம், அதனால் மில்கள் சீசனில் வாங்கி மாதக்கணக்கில் அடுக்கி வைக்கின்றன. பஞ்சு இல்லாமல் மில் ஓடாது, ஆகவே இது உற்பத்திக்குத் தேவையான சேமிப்பு என்று ஒரு வாதம். எனக்கு முழுதாக ஒப்பவில்லை. மூன்று மாதம் கிடந்த பஞ்சு அதனால் நூலுக்கு நெருங்கி வந்துவிடவில்லை. விலை ஏறுமே என்ற பயத்தில் வாங்கி வைத்தது அது, அந்த முடிவின் செலவு அந்த முடிவோடுதான் நிற்க வேண்டும். ஆனால் வெவ்வேறு லாட் பேல்களைக் கையில் வைத்துக்கொண்டு, கலந்து கலந்து மிக்சிங் போட்டால்தான் நூல் ஒரே சீராக வரும் என்பதும் உண்மை. அதற்கு வேண்டிய சில நாள் இருப்பின் குடோன் செலவை உற்பத்தியோடு சேர்த்தால் நான் எதிர்க்க மாட்டேன். ஒரே குடோனில், ஒரே கூரைக்குக் கீழே, முதல் சில வரிசைக்கு ஒரு நியாயம், பின்னால் அடுக்கியதற்கு வேறு நியாயம். எத்தனை வரிசை வரை என்பதையும் முன்னாலேயே எழுதி வைக்க வேண்டியிருக்கும்.

அந்த மில்லுக்குப் பிறகு போய் ரிப்போர்ட்டை மாற்றிக் கொடுத்தேன். மாதத் தொடக்கத்தில் நம்பர் வாரியாக, கட்டம் வாரியாக, எதிர்பார்க்கும் கழிவைப் போடாவிட்டால் திரை நகராது. நடுவில் மாற்றினால் யார், எந்தத் தேதியில் மாற்றினார் என்று பதிவாகும். முதல் மாதம் ரிப்போர்ட்டில் அடக்கம் அசையாமல் நின்றது, கீழே புதிதாக ஒரு வரியில் நஷ்டம் தனியாக வந்தது. முதலாளி கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பி, "இந்தப் பணம் எந்த ஃபிரேம்ல போச்சு?" என்று கேட்டார். பழைய ஏஜெண்டிடம் மறுபடி பஞ்சு வாங்கினாரா என்று நான் விசாரிக்கவில்லை.